இலக்கணம் மட்டும்

பம்பாயில் ஒரு காலத்தில் எங்களைப் போன்ற தமிழர்களுக்குச் சோறு போட்டது அடுத்தவருடைய ஆங்கிலம். மேலதிகாரி சொல்லுவார். நாங்கள் பிட்மன் சுருக்கெழுத்தில் பிடித்து, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு வைப்போம். சொன்னதில் பிழை இருக்கும், அடித்ததில் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த வித்தியாசத்துக்குத்தான் சம்பளம். அதை மேலதிகாரியும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, நாங்களும் ஒருநாளும் சொன்னதில்லை.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் டேனரி வேலைக்குச் சேர்ந்தவர். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, பதனிடும் வேலை. மகன் அந்த வாடையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று மாதுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடக்கும் தூரம் கொஞ்சம், மற்ற தூரம் அதிகம். அங்கே கஃபே மெட்ராஸ், ராம நாயக் மெஸ், ஆஸ்திக சமாஜம், பூக்கடைகள். ஓர் அறையில் ஐந்தாறு பிரம்மச்சாரிகள் சேர்ந்திருந்து, காலையில் நெற்றியில் விபூதியோ நாமமோ இட்டுக்கொண்டு ரயிலேறினால் கோட்டைப் பக்கத்து அலுவலகங்களுக்கு அரை மணிதான். மாதுங்காவிலிருந்து வி.டி. பத்து கிலோமீட்டர் சொச்சம். ‘அலுவலகம் தூரம்’ என்று அவர்களில் ஒருவரும் மனுப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கோட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கும்பகோணத்துக்காரர் ஒருவர் அங்கே மூத்த ஸ்டெனோ. முதல் வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இங்க பாரு தம்பி. அவர் சொன்னதை மாத்தி அடிச்சா வேலை போயிடும். அவர் சொன்னதை அப்படியே அடிச்சாலும் வேலை போயிடும். நடுவுல ஒரு சந்து இருக்கு. அதுல நடக்கத் தெரியணும்.”

அந்தச் சந்து என்னவென்று கற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. எங்கள் மேலதிகாரி எதையும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பார். அந்த வினைக்குப் பின்னால் ‘அபௌட்’ வராது. எடுத்துவிட்டு அடிப்பேன். அவர் படித்துப் பார்த்து, தான் சொன்னதுதான் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார். ஆனால் கோபத்தில் ஒரு சப்ளையருக்கு அவர் எழுதச் சொன்ன கடுமையான வாக்கியத்தைக் கொஞ்சம் தணித்து அடித்தால் உடனே பிடித்துவிடுவார். இலக்கணம் காணாமல் போனது தெரியாத மனிதருக்குக் கோபம் காணாமல் போனது மட்டும் தெரிந்துவிடும். மனிதர்கள் தங்கள் கருத்தைத்தான் காவல் காக்கிறார்கள். வினைமுற்றை யாரும் காவல் காப்பதில்லை. திருத்துகிறவனுக்கு முதல் பாடம் அது.

தப்பினால் பிடிபடவும் வழி வைத்திருந்தார்கள். கடிதத்தின் அடியில் இடது ஓரத்தில் மேலதிகாரியின் முதலெழுத்துகள் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு சாய்கோட்டுக்கு அப்பால் டைப் அடித்தவனின் முதலெழுத்துகள் சின்ன எழுத்தில். நல்ல கடிதம் பெரிய எழுத்துக்காரருடையது, பிழையுள்ள கடிதம் சின்ன எழுத்துக்காரனுடையது. மூன்று கார்பன் பிரதிக்கும் சேர்த்து ரப்பர் போட்டு அழித்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஓர் எழுத்துக்கு எவ்வளவு வேலை என்று.

இந்த ஆங்கிலம் எங்களுக்குச் சோறு மட்டும் போடவில்லை. 1966-இல் சிவசேனை பிறந்தபோது அலுவலக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த தென்னிந்தியர்கள்தாம் முதல் குறி. ‘மார்மிக்’ பத்திரிகை எங்கள் ஆட்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. ஆங்கில வினையடியைச் சரியாக எழுதியதற்காக அடி வாங்க வேண்டியிருந்த ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

அலுவலகத்தில் இப்படி ஒழுக்கமாக இருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் வேறு ஆள். அப்பாவுடன் வேலை செய்தவர்கள் லீவு லெட்டர் எழுத வருவார்கள். அங்கே திருத்தும் பேச்சே கிடையாது, முழுக் கடிதமும் என் சொத்து. ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கி, தாயார் கவலைக்கிடம் என்று முடியும். ஊரில் கோயில் கொடை என்று உண்மையை எழுதினால் லீவு கிடைக்காது. ஆகவே கொடை வரும் மாதத்தில் திருநெல்வேலிச் சீமையில் தாய்மார்கள் எல்லோரும் ஒருசேர நோயில் விழுவார்கள். கொடை முடிந்ததும் ஒருசேரப் பிழைப்பார்கள். இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், விஷயத்தில் ஒரு வரி உண்மை இருக்காது. கீழே கைநாட்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய அந்தக் காலத்துத் தாராவியில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விடியுமுன்னே வீட்டுக்கு வீடு இட்லி அவியும். அது அலுமினியப் பாத்திரத்தில் ஏறி, சைக்கிளில் நகரமெல்லாம் போகும். இன்றைக்கும் போகிறது. எதிர் வீட்டில் முறுக்கு பிழிவார்கள், கும்பார்வாடாவில் வீட்டு வாசலில் பானை வனைவார்கள். உறங்கும் இடம், சமைக்கும் இடம், வேலை செய்யும் இடம் மூன்றும் ஒன்றே. அப்போது அதை வறுமை என்றார்கள். பின்னாளில் கணினி நிறுவனங்கள் அதையே சலுகை என்று பெயர் மாற்றின.

என்னுடன் வளர்ந்த நண்பனின் மகள் அப்படி ஓர் இட்லி வீட்டில் பிறந்தவள். நான் செம்பூர் திலக் நகருக்கு வந்துவிட்டேன். நண்பன் குடும்பம் பத்தடி அறையிலிருந்து தப்பிக்கப் பத்லாப்பூருக்குப் போயிற்று. கையில் இருந்த பணத்துக்குச் சமையலறையும் கழிப்பறையும் தனித்தனியாக இருக்கும் வீடு அங்கேதான் கிடைத்தது. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து 68 கிலோமீட்டர். அவளுக்கு வேலை அந்தேரி கிழக்கில். காலையில் ஷேர் ஆட்டோ, பிறகு லோக்கலில் காட்கோபர், அங்கே படியேறி மெட்ரோ, மரோல் நாகாவில் இறங்கி நடை. லோக்கல் கர்ஜத்திலிருந்து வந்தால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்பதாக ரயில்வே வட்டாரத்திலேயே கணக்குச் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து தாயம் ஆடப் போதாத இடம்.

2020 மார்ச்சில் லோக்கல் ரயில் பொதுமக்களுக்கு நின்றுபோனது. இந்தப் பெண்ணின் அலுவலகமும் அவள் வீட்டுக்கே வந்தது. அந்த ஏப்ரலில் டி.சி.எஸ். நிறுவனம், 2025-க்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் அலுவலகத்துக்கு வந்தால் போதும் என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே நெரிசலான ரயில்களிலிருந்து விழுந்து பயணிகள் சிலர் இறந்தார்கள். அலுவலக நேரத்தைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள் என்று மத்திய ரயில்வே, நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டது. அதாவது ரயில்வேயும் ஒரு மனுதாரர்தான். அந்தக் கடிதத்தின் இலக்கணத்தை யார் பார்த்தார்களோ.

இதன் பிறகுதான் அவள், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கும் தன் மனுவை எனக்கு அனுப்பினாள். கூடவே தொலைபேசியில் ஒரு நிபந்தனை. “பெரியப்பா, இலக்கணம் மட்டும் பாருங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க. உங்க ‘ஐ பெக் டு ஸ்டேட்’ எல்லாம் கொண்டாந்து போட்ராதீங்க.”

பெரியப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சரித்திரம் அவள் வீட்டில் பிரசித்தம்.

முதல் வரி: நாலு வருஷமாகப் பத்லாப்பூரில் இருப்பதைச் சொல்ல வந்தவள் ‘ஐ ஆம் ஸ்டேயிங் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்’ என்று எழுதியிருந்தாள். இரண்டு பிழை. தொடங்கிய ஆண்டைச் சொன்னால்தான் ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும். இரண்டையும் திருத்தினேன். ஆனால் ‘ஸ்டேயிங்’ என்பதை ‘லிவிங்’ ஆக்கவில்லை. குடியிருப்பதை ‘ஸ்டே’ என்பது பம்பாய் வழக்கு. லண்டன்காரன் அதை விருந்தாளி தங்குவது என்று எடுத்துக்கொள்வான், ஆனால் இந்த மனுவைப் படிக்கப் போகிறவர் அந்தேரிக்காரர். வழக்கு வேறு, பிழை வேறு. ‘டூ தி நீட்ஃபுல்’ என்று முடித்திருந்தாள். அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. இலக்கணத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை, விட்டுவிட்டேன்.

அடுத்து ‘ஈச் ஆஃப் மை டாஸ்க் ஆர்’. ஒவ்வொன்றும் என்று பிரித்த பிறகு வினை ஒருமையில் வர வேண்டும், பிரிக்கப்படும் கூட்டம் பன்மையில் இருக்க வேண்டும். இவள் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தாள். பிறகு ‘ஏ’, ‘தி’ என்ற சில்லறைகள். தமிழில் இல்லாத பண்டம் என்பதால் நம் ஆட்கள் ஒன்று மறந்துவிடுவார்கள், அல்லது பயத்தில் எல்லா இடத்திலும் தூவுவார்கள். இவள் மறக்கும் ஜாதி. கணினியில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ போட்டுத் திருத்தியதால் ஒவ்வொரு ‘தி’க்கும் ஒரு சிவப்புக் கோடு விழுந்து, பக்கம் பார்க்கப் பயங்கரமாக இருந்தது. எங்கள் காலத்தில் திருத்தம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தான் வேலை நிலைக்கும். இப்போது தெரியாமல் திருத்தினால் அது நாணயக்குறைவு.

இதெல்லாம் சில்லறை. நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. அதன் பொருளைத் தமிழில் அப்படியே தருகிறேன்: ‘கூட்ட ரயிலில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு, என் முதுகுவலியை மேனேஜர் புரிந்துகொள்வார்.’

யார் நிற்கிறார்கள்? இலக்கணப்படி மேனேஜர் நிற்கிறார். ஆங்கிலத்தில் இப்படித் தொடக்கத்தில் வரும் எச்சம், பின்னால் வரும் எழுவாயின் தோளில்தான் போய் உட்காரும். தமிழிலும் ஏறக்குறைய அப்படித்தான். ‘நின்றுகொண்டு’ என்றால் நிற்பவரும் முக்கிய வினையைச் செய்பவரும் ஒருவரே. தமிழில் எழுதியிருந்தால் அவளுக்கே காது உறுத்தியிருக்கும். ஆங்கிலத்தில் காது உறுத்துவதில்லை, கண்தான் பிடிக்க வேண்டும். பிடிக்கும் வழி எளிது: வரியின் தொடக்கத்தில் இப்படி ஓர் எச்சம் இருந்தால், காற்புள்ளியைத் தாண்டியதும் முதலில் நிற்கும் பெயர் யாருடையது என்று பாருங்கள். அவரால் அந்தச் செயலைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு நிமிஷம் அதைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பத்லாப்பூர் லோக்கலில் இரண்டு மணி நேரம் நின்றால் முதுகுவலியை நிச்சயம் புரிந்துகொள்வார். பிழையான வாக்கியம் சரியான வாக்கியத்தைவிட உண்மையாக இருந்தது. ஆனாலும் என் வேலை இலக்கணம். ‘நான் நிற்பதால்’ என்ற பொருள் வரும்படி அவளை வாக்கியத்துக்குள் கொண்டுவந்து, மேனேஜரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டேன்.

இன்னொரு வரி ‘ஒன்லி’யால் வந்த ஆபத்து. செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வாடிக்கையாளர் அழைப்புகளில் பேசுவேன் என்று சொல்ல நினைத்து, ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் வைத்துவிட்டாள். வீட்டிலிருக்கும் நாளில் அழைப்பில் பேசுவதைத் தவிர வேறொன்றும் செய்ய மாட்டேன் என்றும் அதைப் படிக்கலாம். மனுவை மறுக்கக் காரணம் தேடுகிறவருக்கு அது ஒன்று போதும். அதை நகர்த்திக் கிழமைகளுக்கு முன்னால் வைத்தேன். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

இனி அந்தச் சந்து. ‘அடுத்த மாதம் முதல் வீட்டிலிருந்து வேலை செய்வேன்’ என்று ‘வில்’ போட்டு எழுதியிருந்தாள். மனு என்பதைவிட அறிவிப்பு மாதிரி இருந்தது. ‘வுட் லைக் டு’ என்று மாற்ற என் விரல் துடித்தது. இந்தியாவில் இதைக் கேட்டு வாங்கும் சட்ட உரிமையும் அவளுக்கு இல்லை. 2017-இல் திருத்திய பேறுகாலச் சட்டம்கூட, மகப்பேறு விடுப்புக்குப் பிறகு வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் பேசிக்கொண்டபடி அனுமதிக்கலாம் என்றுதான் சொன்னது. ரயில் தூரத்துக்கு அதுவும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“ஏளா, இந்த ‘வில்’ கொஞ்சம் மெரட்டுத மாதிரி இருக்கே?”

“இலக்கணப்படி தப்பா பெரியப்பா?”

“தப்பில்ல.”

“அப்ப விடுங்க.”

விட்டேன். பிழை திருத்துகிறவனுக்கு மாற்ற உரிமை இல்லாத இடத்தில் கேட்க உரிமை உண்டு. அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தவர்கள் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வட்டமிட்டு ஆசிரியருக்கே திருப்பி அனுப்புவார்கள். நானும் இரண்டு கேள்விக்குறி போட்டேன். ஒன்று கணக்கு. ஓரிடத்தில் ஒரு வழிக்கு இரண்டு மணி என்கிறாள், இன்னோரிடத்தில் தினம் ஐந்து மணி என்கிறாள். இரண்டும் இரண்டும் நாலு. ரயிலும் மெட்ரோவும்தான் இரண்டு மணி, ஷேர் ஆட்டோ வரிசையும் நடையும் மீதி என்றாள். ஹெச்.ஆரில் யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்டாள். கூட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை என்றேன். அவளே ஒரு வழிக்கு இரண்டரை மணி என்று திருத்திக்கொண்டாள். நான் திருத்தியிருந்தால் இரண்டையும் இரண்டு மணி ஆக்கி, அவளுடைய ஒரு மணி நேரத்தைத் தினமும் காணாமல் அடித்திருப்பேன்.

இரண்டாவது கேள்விக்குறிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவளுடைய குழு முழுக்கச் சென்னையில் இருக்கிறது. அந்தேரி அலுவலகத்திலும் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையில்தான் அவர்களுடன் பேசுகிறாள். இரண்டரை மணி நேரம் போய் அவள் சேரும் இடத்தில் அவள் சேர வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. மனுவிலேயே வலுவான வாதம் இது. மனுவில் இது இல்லை. ஏன் இல்லை என்று ஓரத்தில் கேட்டேன்.

“அதை எழுதினா, அப்ப இந்த வேலை மும்பையில எதுக்கு, சென்னைக்கே மாத்திருவோம்னு சொல்லிருவாங்க பெரியப்பா. முதுகுவலி போதும்.”

இதற்கு ரென் அண்ட் மார்ட்டினில் பதில் கிடையாது. நான் தாராவிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த காலத்தில் அவர்களுடைய டேனரி மேஸ்திரியை எனக்கு ஓரளவு தெரியும், ஆகவே எந்தத் தாயை எப்போது படுக்கவைப்பது என்றும் தெரியும். இவளுடைய அலுவலகத்தை எனக்குத் தெரியாது. எதைச் சொன்னால் எந்தக் கதவு மூடும் என்பது அங்கே வேலை செய்கிறவளுக்குத்தான் தெரியும். இலக்கணம் மட்டும் என்று அவள் போட்ட எல்லை பெரியப்பாவை மட்டம் தட்ட அல்ல, தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என்று அப்போதுதான் விளங்கியது. கும்பகோணத்துக்காரர் இருந்திருந்தால் அவளை உடனே வேலைக்கு எடுத்திருப்பார்.

மனு போயிற்று. பதிலும் வந்தது. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும், மூன்று மாதத்துக்குச் சோதனையாக அனுமதி. பதில் ‘யுவர் ரிக்வெஸ்ட் ஹேவ் பீன்’ என்று தொடங்கியது. ஒருமைக்கு ‘ஹாஸ்’ வர வேண்டும். அதை எனக்கு அனுப்பி, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தாள். எழுவாயும் வினையும் ஒத்துப் போகாவிட்டாலும் உத்தரவு உத்தரவுதான், அடியில் யாருடைய சின்ன எழுத்தும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். மற்ற நாலு நாளும் பத்லாப்பூரிலிருந்து காட்கோபர் வரை நின்றுகொண்டுதான் போகிறாள்.